டிஷ்யூ பொட்டலமும் மைனாவும்: 16 விநாடிக் களிமண் படத்துக்குத் திரைக்கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்கா, முதலில் கதையை எழுதணுமா, பொம்மையைச் செய்யணுமா?

கதைதான் முதலில், ஆனால் ஒரே வரியில். நான் எல்லோருக்கும் கொடுக்கும் வரி இது: சிங்கப்பூர் உணவங்காடி மேசையில் யாரோ ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டு, அதாவது நம் பேச்சில் 'சோப்' பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மைனா அதைத் தள்ளப் பார்க்கிறது. பொட்டலம் தானாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம் நம் ஊர் நகைச்சுவை மட்டும் இல்லை. இரண்டு பாத்திரங்களில் ஒன்று வெறும் பெட்டி. அதற்குக் கை, கால், முகம் எதுவும் கிடையாது, மேசைமேல் வழுக்கினால் போதும். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து அசைவாக ஓட்டும் ஸ்டாப் மோஷனில் ஒரு புதியவர் உடனே நன்றாகச் செய்யக்கூடிய அசைவு வழுக்குவதுதான். ஆகக் கடினமானது இரண்டு கால் நடை. முதல் படத்திலேயே "அம்மாவும் மகளும் சந்தைக்குப் போகிறார்கள்" என்று எழுதியவர்கள் யாரும் சந்தை போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

நான் ஏற்கெனவே திரைக்கதை எழுதியிருக்கிறேன், "மைனா ஏமாற்றம் அடைகிறது" என்று. அது போதாதா?

போதாது. ஏமாற்றத்தை விரலால் தள்ள முடியாது. விளக்குக்குக் கீழே குனிந்து நிற்கும்போது, இப்போது எதைத் தொடுவது, எவ்வளவு நகர்த்துவது, எத்தனை படம் எடுப்பது என்ற மூன்று கேள்விக்கும் அந்தத் தாள் பதில் சொல்ல வேண்டும். அதே வரியை நான் இப்படி எழுதுவேன், இதில் ஒரு ஃபிரேம் என்றால் நாம் எடுக்கும் ஒரு படம்: "தலை 3 ஃபிரேமில் காமிரா பக்கம் திரும்பும். 5 ஃபிரேம் அசையாது. இமை 3 ஃபிரேம்: பாதி, முழுக்க, பாதி. மீண்டும் 5 ஃபிரேம் அசையாது." பார்ப்பவருக்கு அதுவே ஏமாற்றமாகத் தெரியும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அடுத்துக் கேட்பார்கள். நீங்களே நடித்துப் பாருங்கள். கைப்பேசியில் விநாடி எண்ணியை ஓடவிட்டு, தலையைத் திருப்பி, முழித்து, கண் சிமிட்டுங்கள். எத்தனை விநாடி ஆனதோ அதை 12ஆல் பெருக்குங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது.

ஏன் 12? சினிமாவுக்கு 24 என்று படித்தேனே?

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில்தான் ஓடுகிறது. ஆனால் களிமண் படத்தில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பழைய வழக்கம், ஆகவே விநாடிக்கு 12 படம் எடுத்தால் போதும். கண் அதை அசைவாக ஏற்றுக்கொள்கிறது. லேசான வெட்டல் இருக்கும், களிமண்ணுக்கு அது பொருந்தியும் போகும். 16 விநாடிக்கு 12 என்றால் 192 ஃபிரேம். 24 என்றால் 384. என் கைக்கு நிமிடத்துக்கு ஒரு படம் வருகிறது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முழுத் திரைக்கதையையும் ஒருமுறை அப்படியே காட்டுங்களேன்.

காமிரா ஒரே இடத்தில், ஒரே கோணத்தில். ஃபிரேமின் அகலத்தில் மேசை 30 செ.மீ. தெரியும். இடது ஓரம் 0 என்று வைத்தால் பொட்டலத்தின் இடது முனை 13 செ.மீ. குறியில். மைனா எப்போதும் இடப்பக்கமிருந்து வரும், பக்கவாட்டில் தெரியும்.

1–18: காலி மேசை, நடுவில் பொட்டலம். அசைவு இல்லை. ஒரே படத்தை 18 முறை நகல் எடுத்தால் போதும்.

19–42: மைனா நுழைகிறது. அலகு நுனி 0-விலிருந்து 12 செ.மீ. வரை. ஃபிரேமுக்கு 5 மி.மீ. நான்கு ஃபிரேமுக்கு ஒரு அடி: நிமிர்ந்து, சற்று முன்னே சாய்ந்து, இன்னும் சாய்ந்து, பாதி நிமிர்ந்து. மொத்தம் ஆறு காலடி.

43–54: நிற்கிறது. தலை 2 ஃபிரேமில் பொட்டலத்தை நோக்கிக் குனியும். 4 நிறுத்தம். இமை 3. மீதி 3 நிறுத்தம்.

55–62: கொத்து. 4 ஃபிரேமில் உடல் மெதுவாகப் பின்னே சாயும், 2 அப்படியே நிற்கும், ஒரே ஃபிரேமில் முன்னே பாய்ந்து அலகு பொட்டலத்தைத் தொடும், 1 நிறுத்தம்.

63–69: பொட்டலம் வலப்பக்கம் 6 செ.மீ. வழுக்கும்: 20, 14, 10, 7, 5, 3, 1 மி.மீ. மைனா கொத்திய நிலையிலேயே இருக்கும்.

70–81: மைனா 4 ஃபிரேமில் நிமிரும். 8 நிறுத்தம், நெஞ்சு சற்றே முன்தள்ளி.

82–89: பொட்டலம் தானாகத் திரும்பும்: 2, 5, 9, 14, 14, 9, 5, 2 மி.மீ.

90–105: தலை 3 ஃபிரேமில் காமிரா பக்கம். 5 நிறுத்தம், இமை 3, 5 நிறுத்தம்.

106–111: தலை ஒரே ஃபிரேமில் திரும்பும், 3 பின்னே சாய்வு, 1 பாய்ச்சல், 1 நிறுத்தம். முதல் கொத்தைவிட வேகமாக, கோபத்தோடு.

112–118: பொட்டலம் மறுபடி 6 செ.மீ. அதே அளவுகள்.

119–130: மைனா பின்னாலேயே ஓடும். ஃபிரேமுக்கு 5 மி.மீ., இம்முறை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு அடி.

131–140: பொட்டலத்தின்மேல் ஏறும். (கீழே தனியாகச் சொல்கிறேன்.)

141–164: உட்கார்ந்திருக்கும். தலை மெதுவாக 6 ஃபிரேமில் காமிரா பக்கம் திரும்பும். நீண்ட நிறுத்தம். இரண்டு விநாடி என்பது இங்கே அதிகமில்லை, சிரிப்பு வருவதே இந்த மௌனத்தில்தான்.

165–172: பொட்டலம் மைனாவோடு சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அதே 2, 5, 9, 14, 14, 9, 5, 2. மைனாவின் முகம் காமிராவைப் பார்த்தபடியே.

173–192: 8 நிறுத்தம், இமை 3, 9 நிறுத்தம். முடிந்தது.

அசையாத ஃபிரேம்களுக்கு நகல் எடுத்துக்கொண்டால், உண்மையில் எடுக்கவேண்டிய படம் 130 சொச்சம்தான். ஒரு சங்கதி: மைனா இருக்கும் நிறுத்தங்களில் ஒரே படத்தை மட்டும் நகல் எடுக்காதீர்கள். களிமண் திடீரென்று செத்துப்போனது போல் தெரியும். எதையும் நகர்த்தாமல், உடலை விரலால் லேசாகத் தொட்டுவிட்டு இரண்டு மூன்று படம் எடுத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். அந்த விரல்தடத் துடிப்பு உயிர் மாதிரி இருக்கும்.

பொட்டலத்துக்கு ஏன் இரண்டு வித அளவு? ஒரேமாதிரி நகர்த்தினால் என்ன?

ஒரேமாதிரி நகர்த்தினால் யாரோ அடியிலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். கொத்து வாங்கிய பொருள் முதல் கணத்தில் அதிகமாகப் பாய்ந்து, உராய்வில் படிப்படியாக அடங்கும். அதனால்தான் 20-இல் தொடங்கி 1-இல் முடிகிறது. திரும்பி வரும்போது யாரும் தள்ளவில்லை, தானே கிளம்புகிறது. ஆகவே மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக நிற்கிறது. பொட்டலத்துக்குப் புத்தி இருக்கிறது என்று பார்ப்பவரை நம்பவைப்பது அந்த முதல் 2 மி.மீ.தான்.

இதை அளக்க ஸ்கேல் தேவையில்லை. ஒரு காகிதக் கீற்றை வெட்டி, அதில் தொடக்கத்திலிருந்து கூட்டுத்தொகையாக 20, 34, 44, 51, 56, 59, 60 என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் கீற்றைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து, முன்முனையை அடுத்த கோட்டுக்குத் தள்ளி, கீற்றை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். திரும்பி வருவதற்குத் தனிக் கீற்று: 2, 7, 16, 30, 44, 53, 58, 60. கீற்றை எடுக்க மறந்த படம் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும், என் முதல் படத்தில் நாலு இருந்தன.

மைனா பொட்டலத்தின்மேல் குதிக்கும்போது அதை அந்தரத்தில் எப்படி நிறுத்துவது? கம்பி வேண்டுமா?

வேண்டாம். அந்தரத்தில் ஒரு ஃபிரேம்கூட எடுக்கப்போவதில்லை. 131 முதல் 134 வரை நான்கு ஃபிரேமில் மைனாவை மேலிருந்து அழுத்தி, உடலைக் குட்டையாகவும் அகலமாகவும் ஆக்குங்கள். மூன்றாவது, நான்காவது படத்தில் அழுத்தம் கூடட்டும். 135-இல் அது ஏற்கெனவே பொட்டலத்தின்மேல் இருக்கிறது, ஆனால் உடல் சற்று நீண்டு, கழுத்து மேலே நீட்டி. 136, 137-இல் மறுபடி அமுங்கும். 138 முதல் 140 வரை பழைய உருவம்.

134-க்கும் 135-க்கும் நடுவே விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். முன்னால் குனிந்ததையும் பின்னால் அமுங்கியதையும் பார்த்த கண், நடுவிலுள்ள தாவலைத் தானே வரைந்துகொள்கிறது. நாலைந்து செ.மீ. தூரத்துக்கு இது பலிக்கும். 15 செ.மீ. தாவவைத்தால் மறைந்து தோன்றிய மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உருவம் கொஞ்சம் கெட்டுத்தான் போகும். அதற்காகவே இந்தக் காட்சியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காமல், வரிசையாகவே எடுங்கள். கடைசி 52 ஃபிரேமில் மைனா கொஞ்சம் கசங்கி இருந்தால் கதைக்கு நல்லதே.

பொம்மைக்கும் மற்றதுக்கும் என்னென்ன வாங்கணும்?

எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின். காற்றில் காயும் களிமண் வேண்டாம், இரண்டாவது மணி நேரத்திலேயே வெடிக்கும். அடர்சாம்பல் இரண்டு கட்டி, மஞ்சள் ஒன்று போதும். நம்மூர் மைனாவுக்கு அலகும் காலும் மஞ்சள், உடல் கருஞ்சாம்பல். தூய கறுப்பு வேண்டாம், விளக்கில் உருவமே தெரியாமல் கறுப்பு ஓட்டை மாதிரி விழும். மஞ்சளை முதலில் பிசைந்துவிட்டுத்தான் சாம்பலைத் தொடணும். தலைகீழாகச் செய்தால் அலகு அழுக்காகும். கை துடைக்க ஈரத் துடைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உடலுக்குள் அலுமினியத் தாளைக் கசக்கி முட்டை வடிவில் இறுக்கி வைத்து, அதன்மேல் களிமண்ணை அரை செ.மீ. தடிமனில் போர்த்துங்கள். எடை குறையும், அழுத்தினாலும் அச்சு தாங்கும். மொத்த உயரம் 8 செ.மீ. கழுத்துக்குச் சாத்தே குச்சி. ஒரு துண்டை நறுக்கி, ஒரு முனையை அலுமினிய உருண்டைக்குள்ளும் மறுமுனையைத் தலைக்குள்ளும் குத்தினால் தலை அச்சில் சுழலும். காமிராவைப் பார்க்கத் திருப்புவது இதனால்தான் சுலபமாகிறது. குனிவதற்கு உடலையே சாய்த்துக்கொள்ளலாம்.

பாதங்கள் இரண்டு மஞ்சள் தட்டுகள், வயிற்றுக்கு அடியில் பாதி மறைந்தபடி. நடையில் கால் அசைவே கிடையாது. அது தெரியாமல் இருக்கத்தான் உடலை அடிக்கடி சாய்க்கிறோம்.

கண்ணுக்கு வெள்ளை மணி, அதில் கறுப்புப் பேனாவால் ஒரு புள்ளி. மணியின் ஓட்டையில் ஊசியை விட்டுப் பார்வையைத் திருப்பலாம். இமைக்குச் சாம்பல் களிமண்ணில் மெல்லிய பிறைகள்: பாதி மூடியது இரண்டு, முழுக்க மூடியது இரண்டு, ஒரு சின்ன மூடியில் எடுத்து வையுங்கள். சிமிட்டும்போது ஒட்டி, எடுத்து, ஒட்டினால் சரி.

பொட்டலம்தான் எல்லோரும் தவறவிடும் இடம். நிஜ டிஷ்யூ பொட்டலம் வேண்டாம். மைனாவுக்கு அது மெத்தை அளவு இருக்கும், அதன் பிளாஸ்டிக் உறை ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி பளபளக்கும், மேலே ஏறினால் அமுங்கும். இரண்டு அழிப்பான்களைப் பக்கவாட்டில் ஒட்டி, சுமார் 4 செ.மீ. நீளம் 3 செ.மீ. அகலமாக, வெள்ளைக் காகிதம் சுற்றி, நடுவில் ஒரு வெளிர்நீலப் பட்டை வரைந்துவிடுங்கள். கனமாக இருக்கும், வழுக்கிய இடத்தில் நிற்கும், மைனாவையும் தாங்கும். மைனா மேலே இருக்கும்போது பாதத்துக்கு அடியில் கடுகளவு புளூ டாக்.

செட் எப்படி? உணவங்காடி முழுவதும் கட்டணுமா?

மேசையின் மேற்பரப்பு மட்டும். ஏ3 அளவு தடித்த அட்டை ஒன்று, மங்கலான மஞ்சள் அல்லது வெளிர்பச்சை. அதன்மேல் பளபளப்பு இல்லாத ஒட்டுத்தாள் ஒட்டணும். வெறும் அட்டை களிமண்ணின் எண்ணெயை உறிஞ்சி, மைனா நடந்த பாதை முழுக்க கறை காட்டும். அட்டையை மேசையோடு மாஸ்கிங் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டிவிடுங்கள்.

பின்னணி 25 செ.மீ. பின்னால் நிற்கும் இன்னொரு அட்டை. அதில் விவரம் எதுவும் வேண்டாம்: வெள்ளை ஓடு போட்ட தூண் மாதிரி ஒரு பட்டை, இரண்டு கடைப்பலகைகளின் வண்ணக் கட்டங்கள், எழுத்து இல்லாமல். மேசை எண்ணை ஒரு சிறு ஒட்டியில் எழுதி மூலையில் ஒட்டினால் இடம் உடனே புரியும்.

ஒருவர் பின்னணியில் மிச்சச் சாப்பாட்டுத் தட்டு வைத்திருந்தார். 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது நடவடிக்கை உண்டு என்பதால், பார்த்தவர்கள் மைனாவை விட்டுவிட்டு அதையே பேசினார்கள். மேசை காலியாகவே இருக்கட்டும்.

படம் ஓடும்போது வெளிச்சம் மினுமினுக்கிறது. என் கைப்பேசி பழுதா?

பெரும்பாலும் இல்லை. மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

ஜன்னல்தான் முதல் சந்தேகம். இங்கே மேகம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மனசு மாற்றும். திரையை மூடிவிட்டு, அல்லது இரவில், இரண்டு மேசை விளக்குகளில் மட்டும் எடுங்கள். இரண்டும் ஒரே நிற ஒளியாக இருக்கணும்.

அடுத்தது தானியங்கி வெளிச்சம். மைனா இருட்டான பொம்மை. அது உள்ளே நுழைந்ததும் கைப்பேசி "அடடா, இருட்டாகிவிட்டது" என்று பின்னணியை வெளுக்க வைக்கும். 19-இலிருந்து 42 வரை பின்னணி படிப்படியாக வெளுத்தால் இதுதான் காரணம். ஐபோன் காமிராவில் திரையை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். ஸ்டாப் மோஷன் செயலியில் எடுத்தால் வெளிச்சம், குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டுங்கள்.

மூன்றாவது விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும், மங்கலாக்கி வைத்தால் இன்னும் மோசம். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது இதுதான். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, ஷட்டரை 1/50-இல் நிறுத்தினால் சரியாகிவிடும்.

அப்புறம் உங்கள் சட்டை. வெள்ளைச் சட்டையோடு குனிந்து நிமிர்ந்தால் அதிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியும் மினுக்கும். கறுப்பு போடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் மைனாவின் தலை தொங்கிவிட்டது. களிமண் மோசமா?

சூடுதான். 31 டிகிரி அறையில் விளக்குக்குக் கீழே பிளாஸ்டிசின் இளகும். திரைக்கதையில் இல்லாத ஒரு மெதுவான குனிவு படத்தில் தெரியும், எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. முதல் படத்தையும் இப்போதையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏர்கான் போடுங்கள். மின்விசிறி வேண்டாம், பின்னணி அட்டை ஆடும். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைப்பதும் உதவும், ஆனால் ஒரு மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பாவை உடனே திறக்காதீர்கள். நம் காற்றின் ஈரம் குளிர்ந்த களிமண்மேல் வியர்த்துவிடும், மைனா மழையில் நனைந்து வந்த மாதிரி இருக்கும்.

97-ஆவது ஃபிரேமில் மகன் முக்காலியை இடித்துவிட்டான். எல்லாம் போச்சா?

போகவில்லை. Stop Motion Studio போன்ற செயலிகளில் ஆனியன் ஸ்கின் என்ற வசதி உண்டு. கடைசிப் படம் திரையில் அரைத் தெளிவாகத் தெரியும். அதன்மேல் இப்போதைய காட்சி பொருந்தும்வரை முக்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பொருத்திப் பார்க்க மேசை எண் ஒட்டியும் பின்னணிக் கட்டங்களின் மூலைகளும்தான் நம்பகமானவை. மைனாவை வைத்துப் பொருத்தாதீர்கள், அதுவும் இடிபட்டிருக்கலாம்.

97 என்பது நல்ல இடம், அங்கே மைனா முழித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மி.மீ. பிசகு தெரிந்தால் அதற்கு முந்தைய நிறுத்தப் படங்களைத் தூக்கிவிட்டு 93-லிருந்து மறுபடி எடுங்கள். நடையின் நடுவில் இடித்திருந்தால் 19-லிருந்து எடுப்பதே சுலபம். முக்காலியின் கால்களைத் தரையோடு டேப் ஒட்டி, கைப்பேசியை `Airplane Mode`-இல் போட்டு, ரிமோட்டுக்காகப் புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கி, சார்ஜரை முதலிலேயே செருகிவிட்டால் பாதித் தொல்லை வராது. பொத்தானையும் விரலால் தொடாமல் புளூடூத் ரிமோட்டில் அழுத்துங்கள்.

வசனம் வைக்கலாமா?

இந்தப் படத்தில் வேண்டாம். வாயசைவுக்கு அலகைத் திறந்து மூடணும், அது தனிப் பாடம். ஒலி மட்டும் மூன்று: உணவங்காடி இரைச்சல் ஒரு நிமிடம், கைப்பேசியில் நீங்களே பதிவு செய்தது. நகத்தால் மேசையைத் தட்டிய 'டொக்'. அழிப்பானை அட்டையில் தேய்த்த 'சர்ர்'.

'டொக்' 61-இலும் 110-இலும். 'சர்ர்' 63, 82, 112, 165-இல் தொடங்கும். 141 முதல் 164 வரை இரைச்சலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, 165-இல் அந்த நாலாவது 'சர்ர்' மட்டும் கேட்கட்டும்.